விட்டத்தைச் சுவருக்குள் புதைக்காமல்

பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விட்டங்களின் முனைகளை. அறையின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் தேக்கு விட்டம் கம்பீரமாகத்தான் இருக்கும். தொய்வு இருக்காது, விரிசலும் இருக்காது. அதே விட்டம் சுவருக்குள் நுழையும் இடத்தில் காரையைக் கொஞ்சம் பெயர்த்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பல வீடுகளில் அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். நடுப்பகுதியில் இன்னும் பல தலைமுறை தாங்கக்கூடிய மரம், சுவருக்குள் புதைந்த ஒரு சாண் நீளத்தில் மட்டும் செத்துப்போயிருக்கும்.

இதற்குக் காரணம் மரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோன நுண்குழாய்கள் விட்டத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. விட்டத்தின் பக்கங்களில் அவை மூடியிருக்கும். அறுத்த முனையில் வாய் திறந்திருக்கும். அதனால் முனை, பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக ஈரத்தை உறிஞ்சும். அந்த முனையைக் கொண்டுபோய் மழையில் நனையும் செங்கல் சுவருக்குள், காற்றே புகாத பொந்தில் வைத்துச் சாந்து பூசி அடைத்துவிடுகிறோம். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் பூஞ்சைக்கு வேலை வந்துவிடுகிறது. கரையானுக்கும் அதே பொந்துதான் வாசல். சுவருக்குள்ளேயே ஏறிவந்து, வெளியே மண்தடம் காட்டாமல் மரத்துக்குள் போய்விடும்.

புதைத்த விட்டத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தீ விபத்தில் விட்டம் நடுவில் எரிந்து ஒடிந்து கீழே சாயும்போது, சுவருக்குள் இருக்கும் அதன் முனை கடப்பாரை நெம்புவதைப்போல மேலே உள்ள செங்கற்களை நெம்பிச் சுவரையே தள்ளிவிடும். அமெரிக்காவின் பழைய செங்கல் கட்டடங்களில் விட்டத்தின் முனையை நேராக அறுக்காமல், மேல்பக்கம் குட்டையாகவும் கீழ்ப்பக்கம் நீளமாகவும் வரும்படி சாய்வாக அறுத்து வைத்திருப்பார்கள். ஒடிந்தால் சுவரை நெம்பாமல் வழுக்கி விழட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

விட்டத்தைச் சுவருக்குள் நுழைக்காமல், சுவரின் முகத்தோடு நிறுத்தி, இரும்புத் தொட்டில் ஒன்றில் உட்காரவைப்பது இதற்கு மாற்று. அந்தத் தொட்டிலுக்கு ஜாயிஸ்ட் ஹேங்கர் என்று பெயர். துத்தநாகம் பூசிய எஃகுத் தகட்டை ஆங்கில யூ எழுத்தைப்போல மடித்துச் செய்வது. அடியில் விட்டம் உட்கார ஒரு தட்டு, இரண்டு பக்கமும் கன்னங்கள், கன்னங்களின் ஓரத்தில் ஆணித் துளைகள் போட்ட காதுகள். விட்டத்தின் முனை காற்றோட்டத்தில் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் கண்ணால் பார்க்கலாம், கெட்டால் ஒற்றை விட்டத்தைக் கழற்றி மாற்றலாம்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, புதிதாகக் கட்டும் சுவரில் வரிகளுக்கு நடுவே செருகிக் கட்டுவது. ஹேங்கரின் மேல்தட்டு செங்கல்மேல் சாந்தில் படிந்திருக்கும், தொட்டில் சுவரின் முகத்தில் தொங்கும். மேலே எழும்பும் சுவரின் எடைதான் அந்தத் தட்டைப் புரளாமல் அழுத்திப் பிடிக்கிறது. பிரிட்டனில் இவற்றைத் தயாரிப்பவர்கள், ஹேங்கருக்கு மேல் சுமார் 675 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சுவர் எழும்பிச் சாந்தும் இறுகிய பிறகே விட்டத்தில் எடை ஏற்றச் சொல்வார்கள். இந்த வகையில் ஹேங்கரின் முதுகு சுவரோடு ஒட்டியே இருக்க வேண்டும். அங்கே விரல் நுழையும் இடைவெளி விட்டால் விட்டத்தின் எடை தட்டை முறுக்கிச் சாந்தைப் பிளந்துவிடும்.

ஏற்கெனவே நிற்கும் சுவருக்கு இது உதவாது. அங்கே இரண்டாவது வகைதான். சுவரின் நீளத்துக்கு ஒரு தடித்த மரச்சட்டத்தைப் போல்ட் போட்டு இறுக்கி, அந்தச் சட்டத்தின் முகத்தில் ஹேங்கர்களை ஆணியடித்துப் பொருத்த வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் தேவைப்படுவது இதுதான் என்பதால், ஒரு அறையை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம்.

அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். நான்கு பக்கமும் 9 அங்குலச் செங்கல் சுவர். செத்துப்போன பழைய மச்சை எடுத்துவிட்டு, புதிதாக மரத்தளம் போடப்போகிறோம். விட்டங்கள் அகலவாட்டில், அதாவது 3 மீட்டர் தூரத்தைத் தாண்டும். 2 அங்குலம் அகலம், 6 அங்குலம் உயரமுள்ள தேக்குச் சட்டங்கள், 40 சென்டிமீட்டருக்கு ஒன்று, மொத்தம் 11.

இந்தத் தளம் எவ்வளவு எடையைத் தாங்க வேண்டும்? குடியிருக்கும் அறைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ என்பது இந்தியத் தரநிலை சொல்லும் புழக்க எடை. மனிதர்களும் கட்டிலும் பீரோவும் அதில் அடக்கம். பலகை, சட்டங்கள் ஆகியவற்றின் சொந்த எடைக்கு 50 கிலோ சேர்த்தால் 250. ஒரு விட்டத்தின் பங்கு 3 மீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பட்டை, 1.2 சதுர மீட்டர். எனவே ஒரு விட்டத்துக்கு 300 கிலோ, அதன் ஒவ்வொரு முனைக்கும் 150 கிலோ. நல்ல ஹேங்கருக்கு இது சிரமமான எடையே அல்ல.

இந்த வேலையில் பலரும் தவறவிடும் இடம் அடுத்தது. ஹேங்கர் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறோம். ஆனால் எல்லா ஹேங்கர்களின் எடையும் சேர்ந்து சுவர்ச்சட்டத்தில் இறங்குகிறது. ஒரு பக்கச் சுவருக்கு ஒன்றரை டன். அதைச் சுவருக்குள் கொண்டுபோவது போல்ட்டுகள் மட்டுமே. 2 அங்குலத் தடிமனும் 8 அங்குல உயரமும் உள்ள சட்டத்தை, 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, மேலும் கீழுமாக மாற்றி மாற்றி 12 மில்லிமீட்டர் போல்ட் போட்டு இறுக்குவதாக வைத்துக்கொள்வோம். பத்துப் போல்ட்டுகள், ஆளுக்கு 150 கிலோ. செங்கல் நன்றாக இருந்தால் கீழ்நோக்கிய இந்த எடையைத் தாங்கிவிடும்.

ஆனால் எடை கீழ்நோக்கி மட்டும் வேலை செய்வதில்லை. விட்டம் உட்கார்ந்திருப்பது சுவரின் முகத்தில் அல்ல, சட்டத்தின் தடிமனையும் தாண்டி, சுவரிலிருந்து ஏறத்தாழ 85 மில்லிமீட்டர் தள்ளி. அவ்வளவு தள்ளி நிற்கும் எடை, சட்டத்தின் அடி விளிம்பைச் சுவரில் அழுத்தி, மேல் விளிம்பைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும். ஒன்றரை டன் 85 மில்லிமீட்டர் தள்ளி இழுக்கிறது. அதை எதிர்த்து நிற்பவை, சட்டத்தின் அடியிலிருந்து 150 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் மேல்வரிசைப் போல்ட்டுகள் ஐந்து. கணக்குப் போட்டால் அவை ஒவ்வொன்றின்மீதும் சுமார் 170 கிலோ வெளியே இழுக்கும் விசை விழுகிறது. தொங்கும் எடையை மட்டும் நினைத்துப் பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்திய சட்டங்கள் பின்னாளில் மேலே வாய் பிளப்பதற்கு இந்த இழுவிசைதான் காரணம்.

அதனால் சுவருக்குள் போகும் பிடிப்பில் கஞ்சத்தனம் கூடாது. பழைய செங்கலில், இறுக்க இறுக்க விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது கான்கிரீட்டுக்கானது. மென்மையான செங்கலுக்குள் அது விரியும்போது செங்கலே இரண்டாகப் பிளந்துவிடும். மரை போட்ட கம்பியைப் பசை ஊற்றிப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர்தான் இங்கே பொருத்தம். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 14 மில்லிமீட்டர் துளை. சாந்து வரியில் போடாமல் செங்கலின் நடுவில் போட வேண்டும். சுத்தியல்போல் இடிக்கும் வேகத்தை நிறுத்திவிட்டு டிரில்லைச் சுழல மட்டும் விட வேண்டும், இல்லாவிட்டால் துளையின் பின்பக்கம் செங்கல் பொரிந்து உதிரும். ஹாலோ பிளாக்கில் துளை வெறும் பொந்தில் போய் முடியும் என்பதால், பசை வழிந்து ஓடாமல் நிற்கச் சல்லடைபோன்ற உறை ஒன்றை முதலில் செருக வேண்டும்.

கெமிக்கல் ஆங்கர் தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் தூசி. துளையில் செங்கல்பொடி அப்படியே இருந்தால் பசை பொடியைப் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. ஊதி, கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊதி, பொடி வருவது நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். துளையின் அடியிலிருந்து பசையை நிரப்பிக்கொண்டே வெளியே வர வேண்டும். கம்பியைத் திருகி உள்ளே செலுத்தும்போது வாயில் கொஞ்சம் பசை பிதுங்கி வந்தால் துளை நிறைந்தது என்று அர்த்தம். எதுவும் வராவிட்டால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது, அந்தக் கம்பியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பசை இறுகும் நேரம் குப்பியிலேயே போட்டிருக்கும். நம் வெயிலில் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் ஒன்றிரண்டு துளைகளுக்கு மட்டுமே ஒரு தடவையில் கலக்க வேண்டும்.

நூறு வருடத்துச் செங்கலின் பலத்தை எந்தக் கம்பெனியின் அட்டவணையும் சொல்லாது. சட்டத்தை ஏற்றுவதற்கு முன் அதே சுவரில் இரண்டு மூன்று சோதனைக் கம்பிகளைப் பதித்து, இழுவைக் கருவியால் இழுத்துப் பார்ப்பது ஒன்றே நம்பகமான வழி. நம் அறைக்குத் தேவை 170 கிலோ என்றால், அதைப்போல இரண்டு மூன்று மடங்குக்கு இழுத்தும் கம்பி அசையக் கூடாது. அசைந்தால் போல்ட்டுகளை நெருக்க வேண்டும், அல்லது கம்பியைச் சுவரின் மறுபக்கம் வரை விட்டு வெளியே தகடு வைத்து இறுக்க வேண்டும்.

சட்டம் நின்ற பிறகு ஹேங்கர் வேலை ஆசாரிக்குச் சுலபம்தான். ஆனால் மூன்று விஷயங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது. முதலாவது ஆணி. ஹேங்கரில் உள்ள துளைகள் அலங்காரத்துக்கானவை அல்ல. காட்டுமரமாகவோ பைனாகவோ இருந்தால், தடித்த குட்டை ஆணி ஒன்று பக்கவாட்டில் சுமக்கும் எடை தோராயமாக 30 முதல் 40 கிலோதான். நம் விட்டத்தின் முனையில் 150 கிலோ இருக்கிறது. நான்கு துளைகளில் ஆணியடித்துவிட்டு மற்றதை விட்டால், மிச்சத்துக்கு இடமே இல்லாமல் நிற்கிறோம். தயாரிப்பாளர் நிரப்பச் சொல்லும் துளைகள் எல்லாவற்றிலும், அவர் சொல்லும் தடிமனில் ஆணி இறங்க வேண்டும். ஜிப்சம் போர்டுக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூவை இதற்குப் பயன்படுத்துவதை நிறைய இடங்களில் பார்க்கலாம். அது கடினமாக்கப்பட்ட மெல்லிய எஃகு. வளையாது, பக்கவாட்டு எடை வந்தால் தலை பட்டென்று தெறித்துவிடும். தேக்கில் ஆணி இறங்க மறுத்தால் சிறிய துளை போட்டு அடிக்கலாம்.

இரண்டாவது, விட்டத்தின் நீளம். அறுத்த முனைக்கும் ஹேங்கரின் முதுகுக்கும் நடுவே 6 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி வரக் கூடாது. அதற்கு மேல் போனால் விட்டம் தட்டின் வெளி விளிம்பில்தான் உட்காரும், ஹேங்கர் முன்பக்கம் சாயும். அறையின் இரு சுவர்களும் ஒருபோதும் சரியான இணையாக இருப்பதில்லை. ஆகவே ஒரே அளவில் 11 விட்டங்களையும் அறுத்துவிட்டு ஏற்றுவது தவறு. ஒவ்வொரு ஜோடி ஹேங்கருக்கும் தனித்தனியாக அளந்து அறுக்க வேண்டும். மூன்றாவது, மரம் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தை ஏற்றினால் அது காய்ந்து சுருங்கும்போது கன்னங்களுக்கு நடுவே தளர்ந்து, நடக்கும்போதெல்லாம் தளம் முனகும்.

துருவைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கும் சாதாரண ஹேங்கரில் துத்தநாகப் பூச்சு ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான் அளவுதான் இருக்கும். உலர்ந்த அறைக்கு அது தாராளம். கடற்காற்று அடிக்கும் திருவான்மியூரிலோ ராமேஸ்வரத்திலோ திறந்த வராந்தாவில் போட்டால் போதாது. அங்கே 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு வேண்டும், ஆணியும் அதே எஃகாக இருக்க வேண்டும். கரையானுக்காகத் தாமிர உப்பு ஏற்றிய இறக்குமதிப் பைன் மரமும் துத்தநாகத்தைச் சீக்கிரம் தின்றுவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் நாம் பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறோம். ஹேங்கர் விட்டத்தை விழாமல் தாங்குகிறது. சுவர் விட்டத்தைவிட்டு விலகிப் போகாமல் அது பிடிப்பதில்லை. பழைய முறையில் சுவருக்குள் புதைந்த விட்டம், உராய்வாலும் மேலே உள்ள எடையாலும் சுவரைக் கொஞ்சமாவது பிடித்துக்கொண்டிருந்தது. நாம் அதை அறுத்துவிட்டோம்.

இதன் விலை என்ன என்பதைக் கலிஃபோர்னியா 1971 பிப்ரவரி 9 அன்று பார்த்தது. சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் 6.6 அளவில் நிலநடுக்கம். அந்தப் பகுதியில் கிடங்குகளும் தொழிற்கூடங்களும் உயரமான கான்கிரீட் சுவர்களோ செங்கல், பிளாக் சுவர்களோ கொண்டவை. அவற்றின் மரக்கூரை, நாம் மேலே பார்த்ததைப்போலவே, சுவரில் போல்ட் போட்ட மரச்சட்டத்தில் உட்கார்ந்திருந்தது. கூரையின் பிளைவுட் அந்தச் சட்டத்தின் மேல் விளிம்பில் ஆணியடிக்கப்பட்டிருந்தது. நிலம் ஆடியபோது சுவர் வெளியே சாயப் பார்த்தது. போல்ட் சட்டத்தின் நடு உயரத்தைச் சுவரோடு இழுத்தது, பிளைவுட் அதன் மேல் விளிம்பைக் கூரையோடு இழுத்தது. மரம் தன் நாரின் நீளவாட்டில் எவ்வளவோ தாங்கும். நாருக்குக் குறுக்கே இழுத்தால் விறகு பிளப்பதற்குத் தேவையான விசையே போதும். சட்டங்கள் நீளவாக்கில் பிளந்தன, சுவர்கள் வெளியே சாய்ந்தன, பிடிப்பிழந்த கூரைப் பகுதிகள் உள்ளே விழுந்தன. அதன் பிறகு 1973 இல் வந்த அமெரிக்கக் கட்டட விதி, சுவரைப் பிடிக்கும் வேலையை மரச்சட்டத்தின் குறுக்கு நாரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று தடுத்தது. சுவரையும் விட்டங்களையும் உலோகத்தால் நேரடியாக இணைக்க வேண்டும் என்றது.

நம் அறைக்கு அதன் பொருள் இதுதான். விட்டங்கள் வந்து முட்டும் இரண்டு சுவர்களிலும், 2 மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில், தலைக்கு மூன்று விட்டங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவற்றின் பக்கவாட்டில் தடித்த இரும்புக் கோணம் ஒன்றைப் போல்ட் போட்டுப் பொருத்தி, அதிலிருந்து ஒரு மரைக்கம்பி சுவரை ஊடுருவி வெளியே போய், உள்ளங்கையைவிடப் பெரிய தகட்டில் நட்டால் இறுக வேண்டும். இங்கிலாந்தின் பழைய செங்கல் வீடுகளின் வெளிச்சுவரில் வட்டமாகவும் நட்சத்திர வடிவிலும் தெரியும் இரும்புத் தகடுகள் செய்வதும் இதையே.

மற்ற இரண்டு சுவர்களை மறந்துவிடுவது வழக்கம். விட்டங்கள் அவற்றுக்கு இணையாக ஓடுகின்றன, ஒரு ஹேங்கர்கூட அவற்றைத் தொடுவதில்லை. எனவே தளத்தோடு எந்த உறவும் இல்லாமல் அவை தனியாக நிற்கின்றன. அங்கே 30 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஜிஐ பட்டையைச் சுவரிலிருந்து தொடங்கி, விட்டங்களுக்குக் குறுக்காக, குறைந்தது மூன்று விட்டங்களைத் தாண்டும்படி கொண்டுபோய் ஸ்க்ரூவால் பிணைக்க வேண்டும். பட்டை போகும் வரிசையில், விட்டங்களுக்கு நடுவேயும் முதல் விட்டத்துக்கும் சுவருக்கும் நடுவேயும் மரக்கட்டைகளை இறுக்கமாக அடைக்க வேண்டும். கட்டை இல்லாவிட்டால் சுவர் உள்ளே தள்ளும்போது மெல்லிய பட்டை மடங்கிவிடும், பிடிப்பு ஒரு திசையில் மட்டுமே இருக்கும். 3 மீட்டர் சுவருக்கு இப்படி இரண்டு பட்டைகள். நான்கு சுவர்களுக்கும் சேர்த்து மொத்தம் பத்து இணைப்புகள். ஒட்டுமொத்தச் செலவில் இது சிறு தொகை.

தளம் போட்டு ஓரிரு மழைக்காலம் போன பிறகு கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சுவர்ச்சட்டத்தின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறது, முன்பு நுழையவில்லை என்றால் மேல்வரிசைப் போல்ட்டுகள் வெளியே வருகின்றன. தளத்தில் உள்ள எடையை உடனே குறைத்து, கீழே முட்டுக்கொடுத்துவிட்டு, போல்ட்டுகளைச் சோதிக்க வேண்டும். நட்டை வெறுமனே இறுக்கினால் பிளவு மூடும், கோளாறு மறையாது. ஹேங்கரின் காது சட்டத்திலிருந்து விலகி ஆணித்தலைகள் வெளியே எழுந்திருந்தால் ஆணி போதவில்லை. செங்கல் சுவரில் போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம்போல் விரிசல் ஓடினால் பிழை செங்கலில் இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு போல்ட் போடுவது அந்தச் செங்கலை இன்னும் கெடுக்கும்.

எல்லாச் சுவருக்கும் இந்த முறை ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர், மண்சாந்தில் கட்டிய சுவர், விரலால் சுரண்டினால் சுண்ணாம்பு உதிரும் சுவர் ஆகியவற்றில் எவ்வளவு நல்ல ஹேங்கரும் பசையும் போட்டாலும் பயனில்லை. அங்கே சுவரை ஒட்டி மரத்தூணோ இரும்புத்தூணோ நிறுத்தி, தூண்களின்மேல் உத்தரம் போட்டு, ஹேங்கர்களை அந்த உத்தரத்தில் மாட்ட வேண்டும். எடை தூண்கள் வழியாக நேரே அஸ்திவாரத்துக்குப் போகும். தூணுக்குக் கீழே தரை மட்டும் போதாது, சொந்தமாக ஒரு கான்கிரீட் அடித்தளம் வேண்டும். எது நம் சுவருக்குப் பொருந்தும் என்பதைச் சோதனைக் கம்பியை இழுத்துப் பார்த்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் முடிவு செய்யட்டும். மரம் வாங்குவது அதற்குப் பிறகு.